சி.என்.ஜி. கிட் போட்ட பெட்ரோல் காருக்குத் தனி எஞ்சின் ஆயில் வேண்டுமா? எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது?

நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் காரில் சி.என்.ஜி. கிட் பொருத்தியதாலேயே தனி எஞ்சின் ஆயில் தேவையில்லை. கார் கம்பெனியின் கையேடு எந்த கிரேடு, எந்தத் தரம் என்று சொல்கிறதோ அதே ஆயில் போதும். மாற்றும் இடைவெளியையும் கேஸ் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குறைக்க வேண்டியதில்லை. குறைக்க வேண்டிய கார்கள் உண்டு, ஆனால் அதை முடிவு செய்வது பெரும்பாலும் வண்டி ஓடும் விதம்.

பிறகு ஏன் கிட் மாட்டிக்கொடுக்கும் இடத்திலேயே, "சார், இனிமே இருபது ஐம்பது ஆயில் ஊத்துங்க, ஐயாயிரத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க" என்கிறார்கள்? அந்தப் பேச்சுக்குப் பின்னால் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் மீதியை நீங்களே முடிவு செய்யலாம்.

## கேஸில் ஓடும்போது ஆயிலுக்கு என்ன ஆகிறது

முதலில் நல்ல செய்தி. பெட்ரோல் திரவமாக உள்ளே போகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்குள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போக இது ஒரு முக்கியக் காரணம். சி.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன். வாயுவாகவே வந்து வாயுவாகவே எரிவதால் இந்தக் கழுவல் கிடையாது. கரியும் மிகக் குறைவு. அதனால்தான் கேஸில் ஓடும் காரின் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் வெகுநாள் தேன் நிறத்திலேயே இருக்கிறது. "கேஸ் டிரையா எரியும், ஆயில் சீக்கிரம் போயிடும்" என்பது சிலிண்டர் சுவரைப் பொறுத்தவரை தலைகீழ்.

கெட்ட செய்தி இரண்டு. ஒன்று வெப்பமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். எரிப்பு அறையில் உருவாகும் இந்த ஆக்சைடுகள் ரிங்குகளைத் தாண்டி ஆயிலை அடைந்து அதனோடு வினைபுரியும்போது ஆயில் மெல்ல மெல்ல கெட்டியாகும், உள் பாகங்களில் பழுப்பு நிற வார்னிஷ் படியும். ஜெனரேட்டர்களிலும் பம்பிங் நிலையங்களிலும் இரவு பகலாக முழுச் சுமையில் ஓடும் பெரிய கேஸ் எஞ்சின்களில் ஆயிலைக் காலி செய்வதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. காரில் சுமை அவ்வளவு கிடையாது. கிட் சரியாக ட்யூன் ஆகியிருந்தால் இதனால் பெரிய தொல்லை வராது. கலவை மெலிந்து போயிருந்தாலோ, இக்னிஷன் டைமிங் கேஸுக்கு ஏற்றபடி இல்லாவிட்டாலோ வெப்பம் கூடும். ஆயிலின் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆயில் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

இரண்டாவது கெட்ட செய்தியை யாரும் சொல்வதில்லை. அது தண்ணீர். மீத்தேனில் கார்பனோடு ஒப்பிட ஹைட்ரஜன் அதிகம். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ நீராவி வரும். ஒரு கிலோ பெட்ரோலில் இது ஏறக்குறைய 1.4 கிலோ. அதே அளவு சக்தியைத் தருவதற்கு என்று கணக்கிட்டாலும் கேஸ் சுமார் 40 சதவீதம் கூடுதலாக நீராவியை உண்டாக்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தால் இது சைலன்சர் வழியாகவும், கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு வழியாகவும் போய்விடும், கவலை இல்லை. சூடாகாத எஞ்சினில் கிராங்க்கேஸ் சுவரில் வியர்த்து ஆயிலோடு கலக்கும்.

இங்கே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டரில் கேஸ் தரும் செகுவென்ஷியல் கிட்டின் ஒரு பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கிட்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, கூலன்ட் அல்லது கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசர் ஏறக்குறைய 35 முதல் 45 டிகிரி வந்ததும் கேஸுக்கு மாறிவிடும். சென்னை வெயிலில் எஞ்சினே 30 டிகிரியில்தான் நின்றுகொண்டிருக்கும் என்பதால் ஓரிரு நிமிடத்தில் மாறிவிடும். ஊட்டியில் டிசம்பர் காலையில் இன்னும் நேரம் எடுக்கும். எப்படியானாலும் கேஸுக்கு மாறும் அந்த நொடியில் ஆயில் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. கூலன்ட் சூடாகி முடித்த பிறகும் ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். இரண்டு கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டால், ஸ்டார்ட்டின்போது கொஞ்சம் பெட்ரோலும், அதன் பின் நிறைய நீராவியும் ஆயிலுக்குள் போய், வெளியேற வாய்ப்பில்லாமல் தங்கிவிடும்.

ஆக, கேஸ் கார் நெடுஞ்சாலையில் ஓடினால் ஆயிலுக்குப் பெட்ரோலைவிடச் சுகம். தெருமுனைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடினால் பெட்ரோலைவிடக் கஷ்டம். "சி.என்.ஜி.க்கு எத்தனை கிலோமீட்டர்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

## ஆயிலைத் தேர்ந்தெடுப்பது

காரின் கையேட்டை எடுத்து மூன்றே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தடிமன் கிரேடு: 0W-20, 5W-30 என்பது போல. இரண்டு, தரம்: ஏபிஐ எஸ்என், ஏபிஐ எஸ்பி போல. மூன்று, மாற்றும் இடைவெளி. இடைவெளிப் பக்கத்தில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனி வரிசை ஒன்றும் பெரும்பாலும் இருக்கும், அதையும் விடாதீர்கள்.

கடையில் கேனைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கிரேடு கையேட்டில் உள்ளதே இருக்க வேண்டும். தரம் அதுவோ அதற்குப் புதியதோ இருக்கலாம். எஸ்பி 2020 மே மாதத்தில் வந்தது. எஸ்என் கேட்கும் எஞ்சினுக்கு எஸ்பி தாராளமாக ஊற்றலாம். எஸ்பி கேட்கும் எஞ்சினுக்குப் பழைய தரம் போதாது. இந்த இரண்டும் பொருந்திவிட்டால் கேனின் முன்பக்கம் சி.என்.ஜி. என்று எழுதியிருக்கிறதா இல்லையா என்பது முக்கியமே இல்லை. எழுதியிருந்து இந்த இரண்டும் பொருந்தினால் அதையும் வாங்கலாம், தவறில்லை. எழுதியிருந்து பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள்.

சந்தையில் சி.என்.ஜி. பெயர் போட்டு விற்கும் ஆயில்களில் பல அந்த இருபது ஐம்பது, அதாவது 20W-50 தடிமனில் இருக்கும். பழைய டிசைன் எஞ்சின்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அது சரியாக இருக்கலாம். இன்றைய காருக்கு ஏன் கூடாது என்பதற்கு எண்ணையே பார்க்கலாம். 100 டிகிரியில் 0W-20 ஆயிலின் தடிமன் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். 5W-30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. 20W-50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 0W-20க்கு வடிவமைத்த எஞ்சினில் 20W-50 ஊற்றினால், சூடான நிலையிலேயே ஆயில் ஏறக்குறைய இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தடிமனாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வித்தியாசம் இன்னும் அதிகம். கேம் ஷாஃப்ட் வரை ஆயில் ஏறத் தாமதமாகும். ஆயில் அழுத்தத்தைக் கொண்டு வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வி.வி.டி. அமைப்பு தடுமாறி, சில கார்களில் செக் எஞ்சின் விளக்கே எரியும். மைலேஜும் குறையும். கேஸ் போட்டதே செலவைக் குறைக்கத்தானே, அந்த மிச்சத்தில் ஒரு பங்கை ஆயிலிலேயே விடுவது என்ன கணக்கு என்று புரியவில்லை.

"கேஸ் சூடு அதிகம், தடியான ஆயில்தான் தாங்கும்" என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். சூட்டைத் தாங்குவது தடிமனால் வருவதில்லை. அடிப்படை எண்ணெயின் தரமும் அதில் கலந்துள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்களும்தான் தாங்குகின்றன. அதே 5W-30இல் சிந்தெடிக் ஆயில் சாதாரண மினரல் 20W-50ஐவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும். உங்களுக்குப் பயமாக இருந்தால் தடிமனை மாற்றாமல் மினரலிலிருந்து சிந்தெடிக்குக்குப் போங்கள். கையேட்டில் இரண்டு கிரேடு சொல்லியிருந்தால், உதாரணத்துக்கு 0W-20ம் 5W-30ம், நம் ஊர் வெப்பத்துக்கும் கேஸுக்கும் சேர்த்து இரண்டாவதை எடுக்கலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, இது அரிது. ஜெனரேட்டர் கேஸ் எஞ்சின்களுக்கான ஆயிலைத் தெரிந்தவர் மூலமாக வாங்கி ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவை சாம்பல் குறைவாக இருக்கும்படி தயாரிக்கப்பட்டவை. காருக்கான ஆயிலில் சல்ஃபேட்டட் சாம்பல் 0.8 முதல் 1 சதவீதம் அளவில் இருக்கும், அவற்றில் பெரும்பாலும் 0.5ஐ ஒட்டி. அந்தச் சாம்பலைத் தருவது அமிலத்தை முறிக்கும், அழுக்கைக் கழுவும் கூட்டுப்பொருட்கள். பெட்ரோலிலும் ஸ்டார்ட் ஆகி, தினமும் குளிர்ந்து சூடாகும் காருக்கு அவை வேண்டும். வால்வு மூடும்போது வந்து உட்காரும் வால்வு சீட்டின் மேல் படியும் மெல்லிய சாம்பல் படலமும் கொஞ்சம் காவல்தான். அதைக் கழற்றிவிடுவதில் லாபமில்லை.

## இடைவெளியைக் கணக்கிடுவது

கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆனது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் ஊரில் ஓடும் பல பெட்ரோல் கார்களுக்கு இதுதான் அளவு.

நெடுஞ்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பத்தாயிரத்தை ஓட்டினால் எஞ்சின் 167 மணி நேரம் ஓடியிருக்கும். நகரத்தில் சிக்னலும் நெரிசலுமாகச் சராசரி 20 வந்தால் 500 மணி நேரம். ஓடோமீட்டருக்கு இரண்டும் ஒன்று. ஆயிலுக்கு மூன்று மடங்கு வித்தியாசம்.

இப்போது ஒரே மாதிரி மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் 1.2 லிட்டர் பெட்ரோல், மூன்றிலும் செகுவென்ஷியல் கிட், மூன்றுக்கும் கையேடு 5W-30.

முதல் கார் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்குப் போகிறது. ஒரு வழி 7 கிலோமீட்டர், காலை நெரிசலில் 25 நிமிடம். வருடத்தில் 250 வேலை நாள் என்றால் 3,500 கிலோமீட்டர், சுமார் 210 மணி நேரம். ஊருக்குப் போய்வந்த வகையில் இன்னொரு 1,500 கிலோமீட்டர், 25 மணி நேரம். ஆக வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர், 235 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு குளிர்ந்த ஸ்டார்ட். ஆனால் ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் ஓடுவதால் நம் வெயிலில் ஆயில் நன்றாகச் சூடாகி, சேர்ந்த ஈரம் போய்விடுகிறது. இந்தக் காருக்கு வருடம் ஒரு முறை போதும். அப்போது கிலோமீட்டர் 5,000தான் ஆகியிருக்கும். கிட் மாட்டியவர் சொன்ன ஐயாயிரமும் அதுவே! ஆனால் காரணம் கேஸ் இல்லை, காலண்டர்.

இரண்டாவது கார் கால் டாக்ஸி. தினம் 150 கிலோமீட்டர், நகரச் சராசரி 20. பத்தாயிரம் கிலோமீட்டர் 67 நாளில் வந்துவிடும், எஞ்சின் 500 மணி நேரம் ஓடியிருக்கும். குளிர்ந்த ஸ்டார்ட் நாளைக்கு ஒன்றோ இரண்டோதான், தண்ணீர்ப் பிரச்சினை அறவே இல்லை. ஆனால் ஏசி போட்டுக்கொண்டு ஐடிலிங்கில் நிற்பதும், காற்றோட்டம் இல்லாமல் எஞ்சின் அறை கொதிப்பதும் ஆயிலை வாட்டும். கையேட்டின் கடுமையான பயன்பாட்டு வரிசை இந்த வண்டிக்காக எழுதப்பட்டது. அங்கே பாதி என்று இருந்தால், அதாவது 5,000 என்றால், அதிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோலில் ஓடும் டாக்ஸிக்கும் இதே வரிசைதான் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது கார்தான் ஆயிலுக்கு எமன். பள்ளிக்கூடம் 2 கிலோமீட்டர், மார்க்கெட் ஒன்றரை, கோயில் ஒன்று. நாளைக்கு நான்கு ஸ்டார்ட், எதிலும் பத்து நிமிடம் முழுதாக ஓடுவதில்லை. வருடத்துக்கு 2,500 கிலோமீட்டர் தாண்டாது. சொந்தக்காரர் "வண்டி ஓடவே இல்லையே" என்று இரண்டு வருடம் விட்டுவிடுவார். இந்தக் காருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வேன், 1,200 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தாலும். கூடவே வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பைபாஸ் ரோட்டில் ஒரே ஓட்டமாக ஓட்டிவந்தால் ஈரம் வெளியேறும். அதைச் செய்தால் ஆறு மாதத்தை வருடமாகவே வைத்துக்கொள்ளலாம். மூன்றில் கேஸ் என்பதே காரணமாக ஆகும் ஒரே கார் இது, அந்தக் கூடுதல் நீராவியால்.

உங்கள் வண்டி இந்த மூன்றில் எதற்குக் கிட்டே இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். புது வண்டியாக இருந்து வாரண்டி நடப்பில் இருந்தால் கையேட்டைத் தாண்டி ஒரு கிலோமீட்டர்கூட நீட்டிக்காதீர்கள். வெளியில் கிட் மாட்டிய காருக்கு எஞ்சின் வாரண்டியில் ஏற்கெனவே இழுபறி இருக்கும். ஆயில் பில்லும் இல்லையென்றால் பேசவே இடமில்லை.

நிறத்தை நம்பி நீட்டிப்பதுதான் கேஸ் கார்க்காரர்கள் விழும் இன்னொரு குழி. ஆயில் தேன் மாதிரி இருக்கிறதே, இன்னும் ஐயாயிரம் ஓட்டலாமே என்று தோன்றும். பெட்ரோலில் ஆயிலைக் கறுப்பாக்கும் கரி கேஸில் மிகக் குறைவு, அதனால் நிறம் மாறவில்லை, அவ்வளவுதான். அமிலத்தை முறிக்கும் கூட்டுப்பொருள் தீர்ந்துபோனது நிறத்தில் தெரியாது. ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் வைத்துக் கறுப்பு வளையம் பார்க்கும் சோதனையும் இதே காரணத்தால் கேஸ் காரில் பயன்படாது.

## ஆயில் மாற்றும்போது

வேலை பெட்ரோல் காருக்குச் செய்வதுதான், ஓரிரண்டு கவனங்கள் தவிர. வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால்தான் அழுக்கோடு முழுதாக இறங்கும். ஆயில் மாற்ற கேஸ் சிலிண்டர் வால்வை மூட வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதே நேரத்தில் கேஸ் ஃபில்டரையும் மாற்றப்போகிறார்கள் என்றால் சிலிண்டரின் கை வால்வை மூடி, பைப்பில் மிச்சமுள்ள கேஸை எஞ்சின் ஓடித் தீர்த்த பிறகே எதையும் கழற்ற வேண்டும். அந்த வேலையை கிட் மெக்கானிக்கிடமே விடுங்கள், சிலிண்டரில் இருப்பது 200 பார் அழுத்தம்.

ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடியவிடும்போது, வடியும் ஆயிலை ஒரு நிமிடம் பாருங்கள். தேன் நிறமோ வெளிர்ப் பழுப்போ என்றால் கேஸுக்கு அது இயல்பு. மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். தார் போலக் கெட்டியாக இறங்கினால் வெப்பம் எங்கோ மீறியிருக்கிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் வண்டி நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பெட்ரோலில் ஓடுகிறது, கிட் தாமதமாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், ஒன்றுவிட்டு ஒன்று என்ற சிக்கனம் வேண்டாம். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் இறுக்கினால் போதும். கையேடு சொல்லும் அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேல் கோட்டுக்குக் கீழே வரை கொண்டுவாருங்கள். நான்கு லிட்டர் கேன் வாங்கிவிட்டோம் என்பதற்காக நான்கையும் கவிழ்த்துவிடும் கைகள் நிறைய, அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கிட் மாட்டியவுடன் பலர் பயப்படும் விஷயம் ஒன்று: "கேஸ் போட்டதிலிருந்து வண்டி ஆயில் குடிக்குது." பெரும்பாலும் வண்டி முன்பும் அதே அளவு குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அப்போது குறைந்த இடத்தைக் கீழே இறங்கிய பெட்ரோல் நிரப்பிக் காட்டியது, டிப்ஸ்டிக்கில் மட்டம் அசையவில்லை. இப்போது நிரப்ப ஆளில்லை, குறைவது குறைவாகவே தெரிகிறது. அதனால் கேஸ் காரில் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டிப்ஸ்டிக் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். கீழ்க் கோட்டை நெருங்கினால் அதே கிரேடில் கொஞ்சம் ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் குறைந்தால்தான் ரிங்கையும் வால்வு சீலையும் சந்தேகிக்க வேண்டும்.

## சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. சுத்தமாகவோ லேசான பழுப்பாகவோ இருந்தால் சரி. வெண்ணெய் போல் வெளிர் மஞ்சள் பசை ஒட்டியிருந்தால் ஈரம். உடனே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதற வேண்டாம். முதலில் வண்டியை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பசை குறைந்தால் குறுகிய ஓட்டத்தின் ஈரம்தான். குறையாமல் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் அப்போது கேஸ்கெட்டைப் பேசலாம். மூடியின் அடியிலும் உள்ளே தெரியும் கேம் ஷாஃப்ட் பகுதியிலும் அரக்கு பூசிய மாதிரி கரும்பழுப்பு இருந்தால் ஆயில் வெந்திருக்கிறது. இடைவெளியைக் குறைப்பதோடு நிற்காமல் கிட் மெக்கானிக்கிடம் லேப்டாப் போட்டுக் கலவையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய மிக்சர் வகைக் கிட் என்றால் புகை பரிசோதனைக் கருவியில் வைத்து ட்யூன் செய்ய வேண்டும். கலவை மெலிந்த வண்டிக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஆயில் ஊற்றினாலும் நோய் அப்படியே இருக்கும்.

டாக்ஸி ஓட்டுபவர்களும் நாலைந்து வண்டி வைத்திருப்பவர்களும் ஒரு முறை பழைய ஆயிலை லேபில் கொடுத்துப் பார்ப்பது லாபம். வடியும் ஆயிலின் நடுப்பகுதியிலிருந்து சுத்தமான பாட்டிலில் 100 மில்லி பிடித்துக் கொடுத்தால் போதும். அறிக்கையில் முதலில் 100 டிகிரி தடிமனைப் பாருங்கள். 5W-30 ஊற்றியிருந்து எண் 12.5ஐத் தாண்டியிருந்தால் ஆயில் கெட்டியாகிவிட்டது, இடைவெளி நீளம். 9.3க்குக் கீழே இறங்கியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்ற வரியைப் பாருங்கள். அப்புறம் ஆக்சிஜனேற்றம், நைட்ரேஷன் எண்களை அதே பிராண்டின் புது ஆயிலோடு ஒப்பிடுங்கள். அமிலத்தை முறிக்கும் திறனைக் காட்டும் காரத்தன்மை எண் புது ஆயிலில் இருந்ததில் பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். 5,000இல் எடுத்த ஆயில் இந்த எல்லாவற்றிலும் தெம்பாக இருந்தால், வாரண்டி முடிந்த டாக்ஸிக்கு 7,000 வரை நீட்டி இன்னொரு முறை சோதிக்கலாம்.

## ஆயிலால் தீராதது

தடியான ஆயில், அடிக்கடி ஆயில் என்ற அறிவுரைக்கெல்லாம் அடியில் இருக்கும் உண்மையான பயம் வால்வு சீட் தேய்வது. கேஸில் திரவ எரிபொருள் தரும் குளிர்ச்சியும், எரிப்பில் எஞ்சும் படிவுகள் தரும் மெல்லிய மெத்தையும் இல்லாததால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் நேராக அடிக்கிறது. சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்ட பிறகு வந்த எஞ்சின்களின் சீட்டுகள் ஈயத்தின் துணையில்லாமல் தாங்கும்படி செய்யப்பட்டவைதான். கம்பெனியிலேயே கேஸோடு வரும் கார்களில் இன்னும் கடினமான சீட் போடுகிறார்கள். வெளியில் கிட் மாட்டிய காருக்கு அந்தக் கூடுதல் காவல் கிடையாது. சீட்டு இருப்பது எரிப்பு அறையில், சம்ப்பில் எந்த ஆயில் ஊற்றினாலும் அங்கே பெரிதாக எதுவும் மாறாது.

அதனால் தேவையில்லாமல் ஆயிலை 5,000க்கு மாற்றும் காசை மிச்சம் பிடித்து, அதில் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள டேப்பெட் இடைவெளியைப் பார்த்துவிடுங்கள். கையால் சரிசெய்யும் டேப்பெட் உள்ள எஞ்சின் என்றால், கிட் மாட்டியபின் முதல் 20,000 கிலோமீட்டரில் ஒரு தடவை, அதன் பின் 40,000க்கு ஒரு தடவை. எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த நிலையில், காலை முதல் வண்டியாக, ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் கையேட்டில் 0.30 மில்லிமீட்டர் என்று போட்டிருந்து உங்களுக்கு 0.15 வந்தால் சீட் தேயத் தொடங்கிவிட்டது. சாதாரணமாக டேப்பெட் தேய்ந்தால் டக் டக் சத்தம் கூடும். இங்கே இடைவெளி சுருங்குவதால் எஞ்சின் முன்பைவிட அமைதியாகும். வண்டி நைசாக ஓடுகிறது என்று சந்தோஷப்படும் நேரத்தில்தான் வால்வு முழுதாக மூடாமல் எரியத் தொடங்கும். அடுத்து வருவது காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவதும் ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிப்பதும். ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள எஞ்சினில் அளக்க இடைவெளியே இருக்காது, அங்கே 40,000க்கு ஒரு முறை கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து நான்கு சிலிண்டர் எண்களையும் சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒன்று மட்டும் முந்தைய அளவைவிட இறங்கியிருந்தால் ஹெட்டை இறக்கி அந்த சீட்டை மாற்றிவிடலாம், மற்ற மூன்றும் கெடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.